பஜெல்லாவை இங்கிலீஷாக்கும்போது பிள்ளை ஏன் கெட்டிக்காரனாகிவிடுகிறான்?

பலெர்மோ அம்மா | 24 ஜூன் 2025

மகன் இங்கே ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டான். செப்டெம்பரில் லண்டன் போகிறோம், கணவர் அங்கேதான் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கடைசி வருட ரிப்போர்ட்டை இங்கிலீஷில் கேட்கிறார்கள். இங்கே அந்த ரிப்போர்ட்டுக்குப் பெயர் பஜெல்லா. பெப்ரவரியில் வந்த பஜெல்லாவும் இப்போது வந்ததும் கையில் இருக்கின்றன. அக்கா மகள் ஒரே இரவில் மொழிபெயர்த்துத் தந்தாள். அதை வாசித்தால் பிள்ளை தங்கம். ஆனால் இத்தாலியனில் வாசித்தபோது மாயெஸ்த்ரா, அதாவது ஆசிரியை, கொஞ்சம் சலிப்போடு எழுதினதாகத்தான் எனக்குப் பட்டது. எது சரி?

போனில் தமிழ் எழுத்து மட்டும்தான் இருக்கிறது, அப்படியே அடிக்கிறேன். மாயெஸ்த்ரா எழுதினது:

"அலுன்னோ விவாச்சே, ஆ பார்தெச்சிபாத்தோ அல்லெ அத்திவித்தா இன் மோதோ திஸ்கொந்தீனுவோ. லிம்பேன்யோ நோன் எ ஸ்தாத்தோ செம்ப்ரெ அதெக்வாத்தோ. ஸெ சொல்லெச்சித்தாத்தோ, போர்த்தா அ தேர்மினெ இல் லவோரோ. இல் ப்ரொஃபித்தோ எ நெல் கொம்ப்ளேஸ்ஸோ பியூ கெ சுஃபிச்சென்தே. கொன் இ கொம்பான்யி எ எதுகாத்தோ எ கொர்ரெத்தோ."

அக்கா மகளின் இங்கிலீஷில் இது "லைவ்லி பாய்" என்று தொடங்கி, "வித் என்கரேஜ்மென்ட்" வேலையை முடிப்பான், அவனுடைய "ப்ராஃபிட்" "மோர் தேன் சஃபிஷியன்ட்", நண்பர்களோடு "எஜுகேட்டட் அண்ட் கரெக்ட்" என்று முடிகிறது. பாடங்களுக்கு நேரே திஸ்க்ரேத்தோ என்று இருந்த இடமெல்லாம் "குட்".

சும்மா வந்தவன் | 24 ஜூன் 2025

பத்து வயதில் ப்ராஃபிட் காட்டுகிறான் என்றால் பள்ளிக்கூடத்துக்கு ஏன் அனுப்புகிறீர்கள், கடையில் இருத்துங்கள்.

யோர்க் மாஸ்டர் | 25 ஜூன் 2025

இங்கிலாந்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். நேராகச் சொல்கிறேன். இங்குள்ள ஆசிரியருக்கு திஸ்க்ரேத்தோவும் தெரியாது, ஓத்திமோவும் தெரியாது. அவருக்குப் புரிகிற பாஷையில் கொடுங்கள். நடுத்தரப் பிள்ளை என்றால் "எக்ஸ்பெக்டட் ஸ்டாண்டர்ட்", கீழே என்றால் "வொர்க்கிங் டுவர்ட்ஸ்". முடிந்தது.

ஒன்று மட்டும் கவனம். "சாட்டிஸ்ஃபாக்டரி" போடாதீர்கள். பள்ளிகளை ஆய்வு செய்கிற ஆஃப்ஸ்டெட் 2012 செப்டெம்பரில் அந்தச் சொல்லைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் "ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட்" என்று வைத்தது. அது பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்த தரம்தான், பிள்ளைகளுக்கு அல்ல. ஆனாலும் ஆசிரியர்களின் காதில் "சாட்டிஸ்ஃபாக்டரி" அன்றிலிருந்தே போதாது என்றுதான் விழுகிறது.

கறுப்பு மை | 25 ஜூன் 2025

வடக்கு இத்தாலியில் மொழிபெயர்ப்பு என் தொழில். பள்ளிக்கூடப் பேப்பர்கள் நிறைய வரும்.

மாஸ்டர் "சாட்டிஸ்ஃபாக்டரி" பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. "எக்ஸ்பெக்டட் ஸ்டாண்டர்ட்" யோசனை வேண்டாம். அது இங்கிலாந்துப் பாடத்திட்டத்தோடும் ஆறாம் ஆண்டில் நடக்கிற பரீட்சையோடும் கட்டப்பட்ட சொல், அந்தப் பரீட்சையில் 100 என்கிற புள்ளிக்கு ஒட்டியது. அந்தப் பிள்ளை அந்தப் பரீட்சையைப் பார்த்ததே இல்லை. மொழிபெயர்க்கிறவர் அதை எழுதினால், மாயெஸ்த்ரா கொடுக்காத ஒரு தீர்ப்பைத் தானே கொடுத்தது ஆகும்.

அக்கா, முதலில் பாடங்களுக்கான சொற்களைப் பார்ப்போம். ஜூன் பஜெல்லாவில் இருப்பது புதிய ஏணி. 2024 ஒக்டோபர் மாதச் சட்டம் 150, அதன் பின்னால் 2025 ஜனவரி 9இல் வந்த அமைச்சு ஆணை 3. ஆரம்பப் பள்ளிக்கு ஆறு படி: மேலிருந்து ஓத்திமோ, திஸ்தின்தோ, புவோனோ, திஸ்க்ரேத்தோ, சுஃபிச்சென்தே, நோன் சுஃபிச்சென்தே. ஒவ்வொரு படிக்கும் என்ன பொருள் என்று ஆணையின் இணைப்பிலேயே எழுதியிருக்கிறது. புவோனோ என்றால் பிள்ளை தானாகவும் விளங்கியும் வேலையைச் செய்கிறான். திஸ்க்ரேத்தோ என்றால் பாதிதான் தானாக. சுஃபிச்சென்தே என்றால் பெரும்பாலும் ஆசிரியர் கூடவே நின்று உதவினால்தான்.

இதைப் பார்த்த பிறகு திஸ்க்ரேத்தோவுக்கு "குட்" போட முடியாது. "குட்" புவோனோவின் இடம். உங்கள் அக்கா மகள் இரண்டு படிகளையும் ஒன்றாக்கிவிட்டாள். புவோனோ வாங்கிய பாடம் ஏதாவது இருந்தால், அதற்கும் திஸ்க்ரேத்தோவுக்கும் இருக்கிற வித்தியாசம் இங்கிலீஷில் காணாமல் போய்விடும்.

நான் எழுதுவது: எக்ஸலன்ட், வெரி குட், குட், ஃபேர்லி குட், சஃபிஷியன்ட், நாட் சஃபிஷியன்ட். திஸ்தின்தோவைப் பார்த்ததும் "டிஸ்டிங்ஷன்" என்று கை போகும். போகக்கூடாது. அங்கே டிஸ்டிங்ஷன் உச்சப் படி, இங்கே இரண்டாவது.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி. ஆறு இங்கிலீஷ் சொற்களையும் தனித்தனித் துண்டில் எழுதி, இத்தாலியன் தெரியாத ஒருவரிடம் கலைத்துக் கொடுங்கள். மேலிருந்து கீழாக அடுக்கச் சொல்லுங்கள். மூல ஏணியின் வரிசையிலேயே அடுக்கினால் சரி. "சாட்டிஸ்ஃபாக்டரி"யும் "சஃபிஷியன்ட்"டும் ஒரே கட்டில் இருந்தால் எது மேலே என்று அவர் தடுமாறுவார், பாருங்கள்.

பலெர்மோ அம்மா | 25 ஜூன் 2025

பெப்ரவரியில் கணக்குக்கு "இன்தெர்மேதியோ" என்று இருந்தது. ஜூனில் திஸ்க்ரேத்தோ. அப்படியென்றால் ஏறினானா இறங்கினானா?

கறுப்பு மை | 26 ஜூன் 2025

அதைச் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதை மொழிபெயர்ப்பிலும் அப்படியே விடவேண்டும்.

பெப்ரவரியில் இருந்தது 2020 டிசம்பர் ஆணையின் நான்கு படி: அவான்சாத்தோ, இன்தெர்மேதியோ, பாசெ, அப்புறம் இன்னும் கற்கத் தொடங்கும் நிலை. புதிய ஆறு படி அந்த வருடத்தின் கடைசித் தவணையில்தான் வந்தது. அதனால்தான் ஒரே வருடத்துப் பிள்ளைக்கு இரண்டு ஏணி. நான்கில் இரண்டாவதும் ஆறில் நான்காவதும் ஒன்றா என்று அமைச்சே ஒப்பிட்டுச் சொல்லவில்லை, நாங்கள் யார்?

ஆனால் "இன்டர்மீடியட்" என்று மட்டும் விட்டால் இங்கிலீஷ்காரர் நடுவில் நிற்கிறான் என்று வாசிப்பார். உண்மையில் மேலிருந்து இரண்டாவது. ஒவ்வொரு பஜெல்லாவின் அடியிலும் ஒரு வரி போடுங்கள்: இந்த ஏணியில் எத்தனை படி, மேலிருந்து கீழே அவற்றின் பெயர்கள். மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று தலைப்பு. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

லிச்சேயோ அப்பா | 28 ஜூன் 2025

எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினைதான். மகள் லிச்சேயோவில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், மூன்றாம் வருடம், கணக்கில் 5. பஜெல்லாவில் "ஜுதீத்ஸியோ சொஸ்பேஸோ" என்று போட்டிருக்கிறார்கள். நான் "சஸ்பெண்டட்" என்று எழுதி பர்மிங்காமில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஈமெயில் அனுப்பினேன். அவர்கள் என்ன குற்றம், எத்தனை நாள் என்று கேட்டுப் பதில் போட்டிருக்கிறார்கள்! 5ஐ 50 வீதம் என்று எழுதினால் சரியாகிவிடுமா?

சும்மா வந்தவன் | 28 ஜூன் 2025

கணக்கு வாத்தியாரை அடித்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள்.

யோர்க் மாஸ்டர் | 28 ஜூன் 2025

சிரிக்காதீர்கள். இங்கே "சஸ்பெண்டட்" என்றால் ஒழுக்கக் குற்றத்துக்காகப் பிள்ளையைச் சில நாள் வீட்டுக்கு அனுப்புவதுதான். அந்தச் சொல் கோப்பில் ஏறிவிட்டால் யாராவது ஒருவர் அதைப் பிறகு நினைவு வைத்திருப்பார். உடனே இன்னொரு ஈமெயில் போடுங்கள்.

கறுப்பு மை | 29 ஜூன் 2025

இந்த இழை ஆரம்பப் பள்ளியைப் பற்றியது, ஆனாலும் இது முக்கியம்.

சொஸ்பேஸோ ஆனது பிள்ளை அல்ல, முடிவு. ஜூனில் ஆசிரியர்கள் ஸ்க்ருதீனியோவில் கூடி, ஒன்றிரண்டு பாடங்களில் ஆறுக்குக் கீழே இருக்கிற பிள்ளையை உடனே ஏற்றவும் மாட்டார்கள், நிறுத்தவும் மாட்டார்கள். புதிய வகுப்பு தொடங்குமுன் அந்தப் பாடத்தில் மறுபடி சோதித்துவிட்டு முடிவு சொல்வார்கள். எனவே "டிசிஷன் டிஃபர்ட், பெண்டிங் ரீஅசெஸ்மென்ட் இன் மேத்தமேட்டிக்ஸ்". இன்னும் தேறவேண்டிய பாடத்தைக் குறிக்க இதனோடு வருகிற தேபித்தோ என்ற சொல்லையும் "டெட்" ஆக்கிவிடாதீர்கள். கட்டணம் பாக்கி என்று நினைப்பார்கள்.

50 வீதம் வேண்டாம். பத்துக்கு ஐந்து என்றே விடுங்கள், பத்துக்கு ஆறுதான் தேர்ச்சி என்று கீழே ஒரு வரி போடுங்கள். அங்கே பல பரீட்சைகளில் 50 வீதம் தாராளமாகத் தேர்ச்சி. வீதமாக்கினால் தோற்ற பாடம் தேறிவிடும். மதிப்பெண்ணை வேறொரு நாட்டுக் கணக்குக்கு மாற்றுவது மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லை.

பலெர்மோ அம்மா | 16 ஜூலை 2025

சாந்தா ரொசாலியா திருவிழாவில் இருந்தேன், தாமதம். மாயெஸ்த்ராவின் ஐந்து வசனத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கறுப்பு மை | 17 ஜூலை 2025

சரி, ஒவ்வொன்றாக.

எதுகாத்தோவும் கொர்ரெத்தோவும் சுலபம். எதுகாத்தோ என்றால் மரியாதை தெரிந்தவன், படித்தவன் அல்ல. கொர்ரெத்தோ என்றால் ஒழுங்காக நடந்துகொள்கிறவன். "பொலைட் அண்ட் வெல்-பிஹேவ்ட் டுவர்ட்ஸ் ஹிஸ் கிளாஸ்மேட்ஸ்". ப்ரொஃபித்தோ என்பது "அச்சீவ்மென்ட்". இவை பிழையாகப் போனால் வாசிக்கிறவர் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். ஆபத்தானவை, பிழை என்றே தெரியாமல் போகிறவை.

"பியூ கெ சுஃபிச்சென்தே"யை எடுங்கள். சொல்லுக்குச் சொல் "மோர் தேன் சஃபிஷியன்ட்". இலக்கணம் சரி, அகராதி சரி. ஆனால் இங்கிலீஷில் மோர் தேன் சஃபிஷியன்ட் என்றால் தாராளம், மிச்சம் மீதி இருக்கிறது. இத்தாலிய ஆசிரியர்களிடம் அது பத்துக்கு ஆறை விட ஒரு விரல்கடை மேலே, ஏழைத் தொடவில்லை. அவர் தராசு முள்ளைப் பார்த்து எழுதியிருக்கிறார், நாம் மூட்டையாக்கிவிடுகிறோம். நான் எழுதுவது "ஓவரால், ஹிஸ் அச்சீவ்மென்ட் இஸ் சம்வாட் அபவ் த பாஸ் லெவல்".

அடுத்தது சொல்லெச்சித்தாத்தோ. அக்கா மகள் "வித் என்கரேஜ்மென்ட்" என்று போட்டது நல்ல மனம். என்கரேஜ்மென்ட் என்றால் முதுகில் தட்டிக்கொடுப்பது. இது "எழுதடா, இன்னும் முடிக்கவில்லையா" என்று பக்கத்தில் வந்து சொல்வது. "வென் ப்ராம்ப்டட், ஹீ கம்ப்ளீட்ஸ் ஹிஸ் வொர்க்". இதையே "நீட்ஸ் ப்ராம்ப்டிங்" என்று திருப்பிப் போடுகிறவர்களும் உண்டு. அதுவும் கூடாது. மாயெஸ்த்ரா குறையைச் சொல்லும்போதும் வசனத்தை முடிப்பான் என்றுதான் முடித்திருக்கிறார். அந்தப் பக்கமே நிற்கட்டும்.

அவன் முயற்சியைப் பற்றிச் சொன்ன "நோன் செம்ப்ரெ அதெக்வாத்தோ"வைப் பூசி மெழுகவும் வேண்டாம், உரிக்கவும் வேண்டாம். "நாட் ஆல்வேஸ் அடிக்வேட்". இங்கிலீஷ் நடைக்கு இது வளைந்த பேச்சு மாதிரித் தோன்றும், "குட் பீ பெட்டர்" என்று மாற்றத் தோன்றும். ஆனால் இத்தாலியப் பள்ளிக்கூடத்தில் இது மரியாதைக்கான சுற்றிவளைப்பு மட்டும் இல்லை, படிவரிசையில் ஓர் இடமும்கூட. அதெக்வாத்தோ, அதற்குக் கீழே நோன் செம்ப்ரெ அதெக்வாத்தோ, அதற்கும் கீழே வெறும் இனதெக்வாத்தோ. ஆசிரியர்கள் பலர் இந்த வசனங்களை மின்பதிவேட்டில் இருக்கிற தொகுப்பிலிருந்து தெரிந்து எடுத்துப் போடுகிறார்கள். எனவே ஒரே சொல் இரண்டு இடத்தில் வந்தால் அது ஒரே படிதான். இங்கிலீஷ் அழகுக்காக ஓரிடத்தில் "இன்கன்சிஸ்டன்ட்", இன்னோர் இடத்தில் "பேச்சி" என்று மாற்றினால், இரண்டு வேறு மதிப்பீடு என்று வாசிப்பார்கள். அலுப்பாக இருந்தாலும் ஒரே சொல்.

யோர்க் மாஸ்டர் | 17 ஜூலை 2025

"பாஸ் லெவல்" என்று பத்து வயதுப் பிள்ளையின் ரிப்போர்ட்டில் கண்டால் நான் முழிப்பேன். எந்தப் பரீட்சையில் பாஸ்? இங்கே ஆரம்பப் பள்ளியில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை.

அப்புறம் விவாச்சே. அதைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை? முப்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் "லைவ்லி" என்று எந்த ஆசிரியர் எழுதினாலும் அதன் பொருள் எனக்குத் தெரியும். கதிரையில் இருக்கமாட்டான்.

கறுப்பு மை | 18 ஜூலை 2025

பாஸ் லெவல் விஷயத்தில் மாஸ்டர் பக்கம் நியாயம் இருக்கிறது. பத்துக்குப் புள்ளி போடுகிற மேல்வகுப்புகளுக்கு அது பொருந்தும். இங்கே பாடங்களுக்கு "சஃபிஷியன்ட்" என்று ஏற்கனவே போட்டு, குறிப்பிலும் ஏணியைக் கொடுத்திருப்பதால், "சம்வாட் அபவ் த சஃபிஷியன்ட் லெவல்" என்று அந்தச் சொல்லோடேயே கட்டிவிடலாம். இங்கிலீஷ் கொஞ்சம் விறைப்பாக நிற்கும். நிற்கட்டும்.

விவாச்சேயில் உடன்பாடில்லை. இத்தாலியனிலும் அதே இரட்டை வேடம்தான். கெட்டிக்காரச் சுறுசுறுப்புக்கும் அதைத்தான் எழுதுகிறார்கள், அடங்காததற்கும் அதைத்தான் எழுதுகிறார்கள். மாயெஸ்த்ரா மூடி வைத்ததை நான் ஏன் திறக்கவேண்டும்? "லைவ்லி" அதே மூடியோடு போகும்.

யோர்க் மாஸ்டர் | 18 ஜூலை 2025

அதே வசனத்திலேயே உடனே பங்கெடுப்பு விட்டுவிட்டு இருந்தது என்கிறார். அப்படியானால் அவர் மூடவில்லை, திறந்துதான் வைத்திருக்கிறார். "ரெஸ்ட்லெஸ்" என்றால் அந்தப் பிள்ளைக்கு முதல் நாளே முன் வரிசையில் இடம் கிடைக்கும், அது அவனுக்குத்தான் நல்லது.

லிச்சேயோ அப்பா | 19 ஜூலை 2025

என் மகளுக்கு இரண்டாம் வகுப்பில் விவாச்சே என்று எழுதினார்கள். அவள் வாயே திறக்கமாட்டாள். அந்த ஆசிரியை எல்லோருக்கும் அதையே எழுதினவர்.

பர்மிங்காமுக்கு "டிசிஷன் டிஃபர்ட்" அனுப்பிவிட்டேன். நன்றி என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

கறுப்பு மை | 19 ஜூலை 2025

மாஸ்டர், முன் வரிசை நல்லதா கெட்டதா என்பது உங்கள் வேலை. பேப்பரில் "ரெஸ்ட்லெஸ்" என்று வந்துவிட்டால் அதைச் சொன்னது மாயெஸ்த்ரா என்று ஆகிவிடும், அவர் சொல்லவில்லை. வசனத்தின் மறுபாதி தன் வேலையைத் தானே செய்யும்: "ஹிஸ் பார்ட்டிசிபேஷன் வாஸ் இன்கன்சிஸ்டன்ட்". இரண்டையும் சேர்த்து வாசிக்க உங்களுக்கே தெரிகிறதே.

பலெர்மோ அம்மா | 20 ஜூலை 2025

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ சித்தி, அவனைப் பற்றி நல்லதாக ஒன்றும் மிஞ்சாதே" என்கிறாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் கொஞ்சம் கை நடுங்குகிறது. புது ஊர், புது ஆசிரியர், முதலில் பார்ப்பது இந்தப் பேப்பரைத்தான். கூட்டிச் சொன்னால் யாருக்கு நட்டம்?

யோர்க் மாஸ்டர் | 20 ஜூலை 2025

பிள்ளைக்குத்தான். வந்த சில வாரத்துக்குள் அவர்களே சோதித்துப் பார்த்துவிடுவார்கள். பேப்பரில் கணக்கு "குட்", கையில் பாதிதான் என்றால், இங்கிலீஷ் விளங்காததால்தான் செய்யவில்லை என்று எண்ணி மொழி வகுப்புக்கு அனுப்புவார்கள். அவனுக்கு வேண்டியிருந்தது கணக்கில் பக்கத்தில் ஒருவர். இந்த வகைக் குழப்பம் எங்கள் பள்ளியிலும் நடந்திருக்கிறது.

நல்லது மிஞ்சவில்லை என்று யார் சொன்னது? மற்றப் பிள்ளைகளோடு மரியாதையாக இருக்கிறான் என்ற கடைசி வசனத்துக்கு ஒரு தகுதிச்சொல்லும் இல்லை. "பொதுவாக" இல்லை, "சிலவேளை" இல்லை. அதை நான் முதலில் பார்ப்பேன்.

கறுப்பு மை | 20 ஜூலை 2025

மாஸ்டர் கடைசியில் சொன்னது எனக்கும் தோன்றாத ஒன்று. உண்மைதான், ஐந்து வசனத்தில் அந்த ஒன்றில்தான் ஆசிரியை ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பில் "ஜெனரலி" என்று கை தவறிப் போட்டுவிடாதீர்கள்.

சும்மா வந்தவன் | 2 ஆகஸ்ட் 2025

ஒரு சந்தேகம், இந்த முறை பகிடி இல்லை. அங்கே ஐந்தாம் வகுப்போடு ஆரம்பப் பள்ளி முடிந்துவிட்டது. லண்டனில் எந்த வகுப்பு?

பலெர்மோ அம்மா | 2 ஆகஸ்ட் 2025

நவம்பரில் பிறந்தவன், அங்கே ஆறாம் ஆண்டு. இன்னும் ஒரு வருடம் ஆரம்பப் பள்ளிதான். ஊரில் எல்லோரும் பெயிலாகித்தான் திரும்ப விட்டிருக்கிறார்கள் என்று கதைக்கிறார்கள்.

கறுப்பு மை | 3 ஆகஸ்ட் 2025

அப்படியானால் பஜெல்லாவின் கடைசி வரியைக் கட்டாயம் மொழிபெயர்க்கவேண்டும், அடுத்த வகுப்புக்கு ஏற்றப்பட்டான் என்பதை. பலர் அதை முத்திரையோடு சேர்ந்த அலங்காரம் என்று விட்டுவிடுவார்கள். "அட்மிட்டட் டு த ஃபர்ஸ்ட் இயர் ஆஃப் லோயர் செகண்டரி ஸ்கூல்". "அட்மிட்டட்" பக்கத்தில் பள்ளிக்கூடப் பெயர் வைக்காதீர்கள், அங்கே சேர்ந்துவிட்டான் என்று நினைப்பார்கள்.

பலெர்மோ அம்மா | 11 செப்டெம்பர் 2025

கொடுத்தாகிவிட்டது. அக்கா மகளே இரண்டாவது முறை எழுதித் தந்தாள், "லைவ்லி"யை அப்படியே விட்டோம். மாஸ்டர் கோபிக்கவேண்டாம். அலுவலகத்தில் கேட்டது ஒன்றுதான்: அடியில் யார் மொழிபெயர்த்தது, என்ன திகதி என்று இல்லை. சொந்தக்காரப் பிள்ளை கையெழுத்துப் போட்டால் ஏற்பார்களா?

கறுப்பு மை | 11 செப்டெம்பர் 2025

ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் ஏற்பார்கள். மூலத்துக்கு உண்மையான, சரியான மொழிபெயர்ப்பு என்று ஒரு வரி, பெயர், திகதி, தொடர்பு விவரம். பின்னால் வேறெங்காவது சான்றளித்த மொழிபெயர்ப்பு என்று கேட்டால் குடும்பத்துக்கு வெளியே ஒருவரிடம் போங்கள். இரண்டு பஜெல்லாவின் மூலத்தையும் அதுவரை பத்திரமாக வையுங்கள்.